ஸ்டார் போட்ட பிறகும் தெரியும் எண்கள்

மாவட்ட அளவில் நலவாழ்வுத் தரவை வைத்து அறிக்கை தயாரிப்பவர்களுக்கு ஒரு விதி பழக்கமாகியிருக்கும்: 5-க்குக் குறைந்த எண் வந்தால் அந்தக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி. அலுவலகப் பேச்சில் ‘ஸ்டார் போடுவது’. விதியில் தவறில்லை. ஆனால் ஸ்டார் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்து அனுப்பப்படும் அட்டவணைகளில், மறைத்த எண்ணைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஒரு கழித்தல் கணக்கு போதும். அட்டவணையிலிருந்து வரைந்த படம் என்றால் அதுகூட வேண்டாம், ஸ்கேல் போதும். அந்த ஓட்டைகளை அடைப்பது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில், சிறிய எண்ணில் என்ன ஆபத்து என்பதைச் சொல்லிவிடலாம். ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் ஓராண்டில் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட 15 வயதுக்குட்பட்டவர்கள் 3 பேர் என்று அச்சிடுகிறோம். சென்னையில் உட்கார்ந்து படிப்பவருக்கு அந்த 3 வெறும் எண். அந்த ஒன்றியத்தில், மாதம் ஒரு முறை பள்ளிக்கு லீவு போட்டு மாவட்டத் தலைநகருக்குப் போய்வரும் ஒரு பிள்ளையை அறிந்தவருக்கு, அதுவரை சந்தேகமாக இருந்தது உறுதியாகிவிடும். நாம் பயப்பட வேண்டிய வாசகர் முகம் தெரியாத கணினித் திருடர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், பள்ளி ஆசிரியர், உறவினர்: ஏற்கெனவே பாதி விஷயம் தெரிந்தவர்கள். எண்ணிக்கை 2 என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த இருவரில் ஒருவர் தன்னைக் கழித்துவிட்டால் மீதி ஒரே ஒருவர்தான்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரது தொற்று நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. புள்ளிவிவரத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தகவலைக் கொண்டு இன்னார் என்று அடையாளம் காண வழியில்லாமல் இருந்தால்தான் அந்த விலக்கு.

எந்த எண்ணுக்குக் கீழே?

உலகம் முழுவதற்கும் ஒரே வரம்பு கிடையாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்தும் சி.டி.சி. வொண்டர் தளம், மாநில, மாவட்ட அளவிலான இறப்புக் கணக்கில் 9 வரையிலான எண்களைக் காட்டுவதில்லை. அந்நாட்டின் மெடிகேர் தரவில் 1 முதல் 10 வரை மறைக்கப்படும். இங்கிலாந்தின் மருத்துவமனைச் சேர்க்கைத் தரவில் 1 முதல் 7 வரை ஸ்டார், மற்ற எண்கள் எல்லாம் 5-இன் மடங்குக்கு முழுமையாக்கப்படும். உங்கள் துறைக்கு எழுத்தில் ஒரு வரம்பு இருந்தால் அதுவே வரம்பு. இல்லாவிட்டால், பொதுவான நோய்களுக்கு 5, எச்.ஐ.வி., மனநலம், கருக்கலைப்பு, வன்முறை போன்றவற்றுக்கு 10 என்று வைத்துக்கொள்வது என் பரிந்துரை. கீழே வரும் கணக்கில், எண்கள் கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்பதற்காக 5-ஐயே எடுத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டில் பலர் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் மாவட்டத் தாள்களிலும் ஸ்டார் உண்டு. எடையிடாத மாதிரியில் 25 பேருக்குக் குறைவாக இருந்தால் அந்த விழுக்காடு காட்டப்படாது. 25 முதல் 49 பேர் வரை என்றால் அடைப்புக்குறிக்குள் வரும். அந்த ஸ்டார், ‘இந்த எண்ணை நம்ப முடியாது’ என்று சொல்கிறது. நாம் போடும் ஸ்டார், ‘இந்த எண்ணால் ஒருவர் வெளிப்படுவார்’ என்று சொல்கிறது. காரணம் வேறாக இருப்பதால் சோதனையும் வேறு. ஆனால் அந்த ஆய்விலிருந்து ஒரு நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம்: வரம்பைப் பார்க்க வேண்டியது எடையிடாத எண்ணிக்கையில். மாதிரி ஆய்வில் ‘1,800 பெண்கள்’ என்று மதிப்பிட்டிருப்பார்கள். அதன் பின்னால் உண்மையில் பதில் சொன்னவர்கள் இரண்டே பேராக இருக்கலாம்.

ஒரு ஸ்டார் நான்கு ஸ்டார்கள் ஆவது எப்படி

கற்பனையான ஒரு மாவட்டம், நான்கு ஒன்றியங்கள். ஓராண்டில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள், வயது வாரியாக:

| ஒன்றியம் | 0–14 | 15–49 | 50+ | மொத்தம் |
|---|---|---|---|---|
| வடக்கு | 6 | 41 | 12 | 59 |
| தெற்கு | 3 | 28 | 9 | 40 |
| கிழக்கு | 7 | 33 | 14 | 54 |
| மேற்கு | 8 | 37 | 11 | 56 |
| மொத்தம் | 24 | 139 | 46 | 209 |

வரம்புக்குக் கீழே இருப்பது ஒரே கட்டம்: தெற்கு, 0–14. அங்கே ஸ்டார் போடுகிறோம். இது முதல் மறைப்பு. உடனே அந்த வரிசையைப் பாருங்கள்: 40-இல் 28-உம் 9-உம் போனால் 3. மறைத்த எண் திரும்பி வந்துவிட்டது.

ஆகவே அதே வரிசையில் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும். 9-ஐ மறைக்கிறோம். இப்போது வரிசையிலிருந்து தெரிவது, இரண்டும் சேர்ந்து 12 என்பது மட்டும். நிம்மதி அடைவதற்குள் நெடுக்கே பாருங்கள்: 24-இல் 6, 7, 8 போனால் மறுபடியும் 3. நெடுவரிசையிலும் ஒரு துணை வேண்டும். வடக்கின் 6-ஐ மறைக்கலாம். அப்படிச் செய்தால் வடக்கு வரிசையில் ஸ்டார் தனியாக நிற்கும். 59-இலிருந்து கழித்தால் 6 வெளியே வரும், 6 வந்தால் 3-உம் வரும். எனவே வடக்கின் 12-ஐயும் மறைக்கிறோம். நான்கு ஸ்டார்கள் ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளில் நிற்கின்றன:

| ஒன்றியம் | 0–14 | 15–49 | 50+ | மொத்தம் |
|---|---|---|---|---|
| வடக்கு | * | 41 | * | 59 |
| தெற்கு | * | 28 | * | 40 |
| கிழக்கு | 7 | 33 | 14 | 54 |
| மேற்கு | 8 | 37 | 11 | 56 |
| மொத்தம் | 24 | 139 | 46 | 209 |

பின்னால் சேர்த்த இந்த மூன்றும் துணை மறைப்புகள். கூட்டுத்தொகை உள்ள எந்த அட்டவணையிலும், எந்த வரிசையிலும் நெடுவரிசையிலும் ஒற்றை ஸ்டார் நிற்கக் கூடாது என்பது முதல் சோதனை. அதோடு நிறுத்தாதீர்கள். மறைத்த கட்டத்தின் மதிப்பு எதிலிருந்து எதுவரை இருக்க முடியும் என்று, அட்டவணையை வெளியிலிருந்து பார்ப்பவரைப் போலக் கணக்கிட்டுப் பாருங்கள். தெற்கின் 0–14 கட்டத்தை x என்போம். அப்போது தெற்கின் 50+ கட்டம் 12 − x, வடக்கின் 0–14 கட்டம் 9 − x, வடக்கின் 50+ கட்டம் 9 + x. எதுவும் குறை எண்ணாக முடியாது என்பதால் x என்பது 0 முதல் 9-க்குள் இருக்க வேண்டும். சுழியத்தை நாம் மறைப்பதில்லை என்று வாசகருக்குத் தெரிந்தால் 0-உம் 9-உம் விலகும் (9 என்றால் வடக்கின் கட்டம் 0 ஆகிவிடும்). மீதி 1 முதல் 8 வரை. வரம்பான 5-க்கு இருபுறமும் மதிப்பு போகிறது, எனவே இந்த மறைப்பு தாங்கும். இதுவே 2 முதல் 4 வரை என்று சுருங்கியிருந்தால், துணையாக வேறு கட்டங்களைத் தேர்ந்திருக்க வேண்டும்.

இங்கே பலர் செய்யும் ஓர் உபகாரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். உண்மையிலேயே சிறிய எண்ணுக்கு ‘<5’ என்றும் துணைக்கு மறைத்தவற்றுக்கு ‘*’ என்றும் இரண்டு குறிகள் போடுவார்கள். வாசகருக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். விளைவு, 1 முதல் 8 வரை இருந்த இடைவெளி பட்டென்று 1 முதல் 4 ஆகச் சுருங்குகிறது. மற்ற மூன்று கட்டங்களும் அதனோடு சுருங்குகின்றன. நான்குக்கும் ஒரே குறியைப் போடுங்கள். எது முதல் மறைப்பு, எது துணை என்பது உங்கள் கோப்பில் மட்டும் இருக்கட்டும்.

பத்து, இருபது வரிசைகள் வரை இதைக் கையால் செய்யலாம். ஒன்றியம், வயது, பாலினம் என்று மூன்று பக்கம் கூட்டுத்தொகை வந்துவிட்டால் கையால் செய்யாதீர்கள். நெதர்லாந்துப் புள்ளியியல் துறையில் உருவான τ-Argus, R மொழியின் `sdcTable` இரண்டும் துணைக் கட்டங்களைத் தாமே தேர்ந்து, இடைவெளியையும் சோதித்துவிடும்.

ஆனால் இத்தனை வேலைக்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: ஒன்றியவாரியாகக் குழந்தைகளின் எண்ணிக்கை யாருக்கு வேண்டும்? பெரும்பாலும் யாருக்கும் வேண்டாம். 0–14-ஐயும் 15–49-ஐயும் சேர்த்து 0–49 என்று ஒன்றியவாரியாகவும், குழந்தைகளின் 24-ஐ மாவட்ட அளவில் மட்டும் தனியாகவும் கொடுத்தால், தெற்கின் வரிசை 31, 9, 40 என்று முழுதாக நிற்கும். ஒரு ஸ்டார்கூடத் தேவைப்படாது. ஸ்டார்கள் நிறைந்த அட்டவணையைவிட, கொஞ்சம் அகலமான பிரிவுகள் கொண்ட முழு அட்டவணைதான் படிப்பவருக்கும் உதவும். சேர்க்க முடியுமா என்று முதலில் பாருங்கள், முடியாத இடத்தில் மட்டும் மறையுங்கள்.

விழுக்காட்டின் வழியே

எண்ணை மறைத்துவிட்டு விழுக்காட்டை விட்டுவைப்பது அன்றாடம் நடக்கிறது. தெற்கில் மொத்தம் 40, அதில் குழந்தைகள் 7.5% என்று பக்கத்துப் பத்தியில் இருந்தால் 3 என்பது மனக்கணக்கு. முழு எண்ணாக்கி 8% என்று போட்டாலும் தப்பிக்க முடியாது: 40-இல் 2 பேர் என்றால் 5%, 4 பேர் என்றால் 10%, 8% ஆகக்கூடியது 3 மட்டும்தான். லட்சம் பேருக்கு இத்தனை என்ற விகிதத்திலும் இதே கதை, ஏனென்றால் மக்கள்தொகை எத்தனை என்பது கணக்கெடுப்பிலேயே கிடைத்துவிடும். எண் மறைந்த கட்டத்தில் அதிலிருந்து பிறந்த விழுக்காடு, விகிதம், சராசரி எல்லாம் மறைய வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பொறி ஒன்று உண்டு, அதைச் சிறிய எண்ணைத் தேடும் எந்த விதியும் பிடிக்காது. ஒரு தொழிற்கூடத்தில் 12 பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆய்வில் 12 பேருமே, மேற்பார்வையாளர் தகாத முறையில் நடந்துகொள்வதாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். 12 என்பது எந்த வரம்பையும் தாண்டிய எண். ஆனாலும் அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவர் சொன்ன பதிலும் இப்போது முதலாளிக்குத் தெரியும். 100% வந்தாலும் 0% வந்தாலும், அந்தக் குழு சிறியதாக இருந்தால், பெரிய குழுவோடு சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

படத்தில் கசியும் இடங்கள்

அட்டவணையைச் சரியாக மறைத்தவர்களும் படத்தில் கோட்டை விடுகிறார்கள். பட்டை வரைபடத்தில் எண்ணை மட்டும் அழித்துவிட்டுப் பட்டையை விட்டுவைப்பது, பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை. பக்கத்துப் பட்டையின் உயரம் 7 என்று தெரிந்தால், இதன் உயரத்தை அளந்து 3 என்று சொல்லிவிடலாம். பட்டையும் போக வேண்டும். போன இடம் வெறுமையாகவும் இருக்கக் கூடாது, அதைப் படிப்பவர் சுழியம் என்றே எடுத்துக்கொள்வார். அச்சுக் கோட்டின் மேல் ஒரு ஸ்டாரை வையுங்கள்.

அடுக்குப் பட்டையில் ஒரு துண்டை நீக்கினால் மொத்த உயரத்திலிருந்து அது தெரிந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் தெற்கின் பட்டையை இரண்டே துண்டாக வரையலாம்: 15–49-க்கு 28, மீதி 12 ஒரே சாம்பல் துண்டாக, ‘பிரித்துக் காட்டப்படவில்லை’ என்ற குறிப்போடு. வடக்கில் அந்தச் சாம்பல் துண்டு 18. அட்டவணை சொல்வதற்கு மேல் படம் எதையும் சொல்லவில்லை.

கோட்டு வரைபடத்தில் எக்செல் ஒரு விபரீதம் செய்யும். கட்டத்தில் `*` என்று தட்டினால் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு சுழியமாக வரைந்துவிடும். 2021-இல் 7, 2022-இல் திடீரென 0, 2023-இல் 8 என்று கோடு தரையைத் தொட்டு எழும்பும். அதைப் பார்த்து யாராவது ‘2022-இல் நோயே இல்லை’ என்று எழுதுவார். ஸ்டாருக்குப் பதில் வரைபடத்துக்கான பத்தியில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பிறகு `Select Data` → `Hidden and Empty Cells` போய் `Gaps` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `Connect data points with line` வேண்டாம், மறைத்த ஆண்டில் மதிப்பு ஏறத்தாழ நடுவில் இருந்தது என்று அது பொய்யாகச் சொல்லும்.

நிலப்படத்தில் மறைத்த பகுதிக்குச் சாய்கோடு போடுங்கள், வெள்ளை வேண்டாம். வீடுகளைப் புள்ளியாக வைக்கும் படத்துக்கு இந்த அத்தியாயத்தின் கணக்கு எதுவும் போதாது, ஒவ்வொரு புள்ளியும் ஒருவர்தான். பன்னாட்டு மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வுகள் (டி.எச்.எஸ்.) தனி வீட்டை விட்டுவிட்டு, வீடுகளின் கூட்டத்தை மட்டுமே ஒரு புள்ளியாகத் தருகின்றன. அதையும் நகரத்தில் 2 கி.மீ. வரை, கிராமத்தில் பெரும்பாலும் 5 கி.மீ. வரை வேண்டுமென்றே நகர்த்தி வைத்துத்தான் தருகின்றன.

எல்லாவற்றையும்விட மோசமான கசிவு படத்துக்குப் பின்னால் இருப்பது. எக்செல்லில் வரைந்த படத்தை வேர்டிலோ பவர்பாயிண்ட்டிலோ ஒட்டும்போது, ஒட்டும் முறையைப் பொறுத்து முழுப் பணிப்புத்தகமும் கூடவே உள்ளே போய்விடும். படத்தின் மேல் வலது கிளிக் செய்து `Edit Data` கொடுத்தால் மூல எண்கள் எல்லாம் திறந்துகொள்ளும். இது நடக்காத கற்பனை இல்லை. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, எந்தப் பதவியில் எத்தனை பேர் என்ற வெறும் எண்ணிக்கையைக் கேட்ட ஒரு தகவல் உரிமை மனுவுக்கு எக்செல் கோப்பில் பதில் அனுப்பியது. எண்ணிக்கை எடுக்கப்பட்ட மூலத் தாள் அதே கோப்பில் மறைந்து கிடந்தது. ஏறத்தாழ 9,500 காவலர்கள், ஊழியர்களின் குடும்பப் பெயர், பதவி, பணியிடம் எல்லாம் இணையத்தில் வந்தன. அந்த ஊரில் காவலர் என்று தெரிவதே உயிருக்கு ஆபத்து. பின்னர் 7,50,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டது.

எனவே படத்தை ஒட்டும்போது `Picture` ஆக ஒட்டுங்கள். இணையத்தில் சுட்டியை வைத்தால் எண் தோன்றும் வகைப் படம் என்றால், மறைக்கும் வேலை உலாவிக்குத் தரவு போவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். திரையில் மட்டும் மறைத்தால், அனுப்பிய கோப்பில் எண் அப்படியே இருக்கும். பைத்தானில் இவ்வளவுதான்:

```python
ok = (df["n"] == 0) | (df["n"] >= 5)
df["n_show"] = df["n"].where(ok & ~df["second"])
df[["block", "age", "n_show"]].to_csv("chart.csv", index=False)
```

`second` என்பது துணை மறைப்புக்கு நீங்கள் தேர்ந்த கட்டங்களை `True` என்று குறித்த பத்தி. கடைசி வரியைக் கவனியுங்கள்: `n` என்ற மூலப் பத்தி வெளியே போகும் கோப்பில் இல்லை.

இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்தால்

ஒவ்வொன்றும் தனித்தனியே பழுதில்லாமல் இருந்தும், இரண்டு வெளியீடுகள் சேர்ந்து உடைத்துவிடும். நவம்பர் வரைக்கும் தெற்கில் 37, டிசம்பர் வரைக்கும் 40 என்று இரண்டு அறிக்கைகள் வந்தால் டிசம்பரில் 3. சிறிய எண் தெரியாமலிருக்க மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டுத்தொகையாக வெளியிடுபவர்கள், சென்ற ஆண்டு இரண்டாண்டுக் கூட்டுத்தொகையை வெளியிட்டிருந்தால் கதை அதேதான். டேஷ்போர்டில் வடிகட்டிகள் இருந்தால் இது இன்னும் எளிது: ‘எல்லா வயதும்’ ஒரு கிளிக், ‘15+’ இன்னொரு கிளிக், கழித்தால் குழந்தைகள். வடிகட்டிகளைக் குறைத்து, முன்கூட்டியே சோதித்த சேர்க்கைகளை மட்டும் அனுமதிப்பதைத் தவிர இதற்கு நல்ல வழி எனக்குத் தெரியாது. எல்லா எண்களையும் கூட்டுத்தொகை உட்பட 5-இன் மடங்காக்குவது பெருமளவு உதவும். ஆனால் தெற்கு 5, 30, 10, மொத்தம் 40 என்று வரும்போது கூட்டினால் 45 வருகிறதே என்று மேலிடத்திலிருந்து போன் வரும். அதற்கான குறிப்பை அட்டவணையின் அடியிலேயே போட்டுவிடுங்கள்.

அடிக்குறிப்பு இப்படி இருந்தால் போதும்: ‘* தனிநபர் அடையாளம் காக்க மறைக்கப்பட்டது. 5-க்குக் குறைந்த எண்களும், அவற்றைக் கணக்கிட்டு அறிய உதவக்கூடிய வேறு சில எண்களும் இவ்வாறு மறைக்கப்பட்டுள்ளன. சுழியம் மறைக்கப்படவில்லை.’

வெளியான மறுநாள் ஒரு நிருபரோ அதிகாரியோ, “அந்த ஸ்டார்ல எவ்வளவு சார், சும்மா ஒரு ஐடியாவுக்கு” என்று கேட்பார். நான்கு ஸ்டார்களில் எதைச் சொன்னாலும் மற்ற மூன்றும் விழுந்துவிடும், வடக்கின் 50+ கட்டத்தில் 12 என்று சொன்னால்கூட. சொல்லக்கூடிய பதில் அந்தந்த ஒன்றியத்தின் மொத்தமும் மாவட்டத்தில் குழந்தைகள் 24 என்பதும்தான். இரண்டும் அட்டவணையிலேயே இருக்கின்றன.